உணவு வலைக் கணக்கில் எதை எதால் வகுப்பது?

ஒரு குளத்தின் உணவு வலை தேர்வுத்தாளில் படமாகத் தரப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். எண்கள் யாவும் ஓர் ஆண்டில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு இத்தனை கிலோ ஜூல் என்ற கணக்கில் உள்ளன. விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள் இவை. பாசிகளின் நிகர உற்பத்தி 20,000. அதில் 1,200 நீர்த்தெள்ளுகளுக்கும் 800 தலைப்பிரட்டைகளுக்கும் போகிறது. நீர்த்தெள்ளுகளைக் கெண்டைக்குஞ்சுகள் தின்பதால் 180 அவற்றை அடைகிறது. தலைப்பிரட்டைகளிலிருந்து 36 விரால் மீனுக்கும் 24 தண்ணீர்ப் பாம்புக்கும் செல்கிறது. விரால் கெண்டைக்குஞ்சுகளையும் விடுவதில்லை. அந்த வழியில் அதற்கு 18 கிடைக்கிறது. பாசியிலிருந்து முதல்நிலை நுகர்வோருக்கும், முதல்நிலையிலிருந்து இரண்டாம்நிலைக்கும், இரண்டாம்நிலையிலிருந்து மூன்றாம்நிலைக்கும் ஆற்றல் எத்தனை விழுக்காடு கடத்தப்படுகிறது என்பது கேள்வி.

முதல் படியில் யாரும் தவறுவதில்லை. 1,200-ஐயும் 800-ஐயும் கூட்டி 20,000-ஆல் வகுத்தால் 10 விழுக்காடு வந்துவிடுகிறது. தவறு தொடங்குவது இரண்டாம் படியில்தான், அதற்குக் காரணம் விரால். படத்தில் அது எல்லாவற்றுக்கும் மேலே வரையப்பட்டிருக்கும்; கெண்டைக்குஞ்சைத் தின்கிறது என்பதால் மாணவர் அதை மூன்றாம்நிலை நுகர்வோர் என்று முடிவு கட்டிவிடுகிறார். அப்படி முடிவு கட்டியவர் இரண்டாம்நிலைக்கு வந்த ஆற்றலாக 180-ஐயும் பாம்பின் 24-ஐயும் மட்டும் கூட்டி, 204-ஐ 2,000-ஆல் வகுத்து 10.2 விழுக்காடு என்று எழுதுகிறார். பத்துக்கு அருகில் இருப்பதால் அந்த விடை அவருக்கு உறுத்துவதே இல்லை. அடுத்த படிக்கு வரும்போது விராலுக்கு வந்த மொத்த ஆற்றலான 54-ஐ 204-ஆல் வகுக்கிறார். 26.5 விழுக்காடு என்று விடை வருகிறது. இங்கேயாவது கை நின்றிருக்க வேண்டும். முந்தைய படிகளில் பத்தை ஒட்டி வந்த விகிதம் திடீரென இருபத்தாறாகத் தாவினால், ஏதோ ஒரு அம்பு தன் படியை விட்டு வேறு படியில் கணக்கிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஊட்ட மட்டம் என்பது ஓர் உயிரிக்கு நிலையாக ஒட்டப்பட்ட முத்திரை அன்று. பாசியில் புறப்பட்ட ஆற்றல் அந்த உயிரியை அடைய எத்தனை வாய்களைக் கடந்தது என்பதைப் பொறுத்தது அது. தலைப்பிரட்டை வழியாக விராலுக்கு வரும் 36, பாசியிலிருந்து இரண்டாவது அம்பில் வருகிறது. ஆகவே அந்த 36-ஐப் பொறுத்தவரை விரால் இரண்டாம்நிலை நுகர்வோர். கெண்டைக்குஞ்சு வழியாக வரும் 18 மூன்றாவது அம்பில் வருகிறது. அந்த 18-க்கு மட்டுமே அது மூன்றாம்நிலை நுகர்வோர். இப்படிப் பிரித்தால், முதல்நிலையிலிருந்து இரண்டாம்நிலைக்குச் சென்றது 180, 36, 24 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 240. அதை 2,000-ஆல் வகுத்தால் 12 விழுக்காடு. மூன்றாம்நிலைக்குச் சென்றது 18. அதை 240-ஆல் வகுத்தால் 7.5 விழுக்காடு. இலங்கைப் பாடநூல்களில் போசணை மட்டம் என்று படித்தவர்களுக்கும் கணக்கு இதுவேதான்.

இதே படத்தில் இன்னும் இரண்டு குழிகள் உண்டு. முதலாவது, விழுக்காடுகளின் சராசரியை எடுப்பது. நீர்த்தெள்ளுகள் தாம் பெற்ற 1,200-இல் 180-ஐக் கடத்துகின்றன, அதாவது 15 விழுக்காடு. தலைப்பிரட்டைகள் 800-இல் 60-ஐக் கடத்துகின்றன, அதாவது 7.5 விழுக்காடு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 11.25 கிடைக்கும். அது தவறு, ஏனென்றால் நீர்த்தெள்ளுகள் வழியே ஓடும் ஆற்றல் அதிகம், அதன் விகிதத்துக்கு எடையும் அதிகம். முதலில் ஆற்றல்களைக் கூட்டிவிட்டு அதன்பின் ஒரே ஒரு முறை வகுப்பதுதான் முறை. இரண்டாவது குழி, கேள்வி ஓர் உயிரியைப் பற்றியதா, ஒரு மட்டத்தைப் பற்றியதா என்று பாராமல் விடுவது. கெண்டைக்குஞ்சிலிருந்து விராலுக்கு எத்தனை விழுக்காடு என்று கேட்டிருந்தால் 18-ஐ 180-ஆல் வகுத்து 10 என்றே எழுத வேண்டும். மட்டத்திலிருந்து மட்டத்துக்கு என்று கேட்டிருந்தால் பாம்பும் விராலும் தலைப்பிரட்டையிடமிருந்து பெற்றவையும் வகுக்கும் எண்ணில் சேர்ந்து விடை 7.5 ஆகிறது. இரண்டு விடைகளும் சரியானவையே, கேள்விகள்தாம் வேறு.

அம்பின் திசையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: அது தின்பவரை நோக்கித் தின்னப்படுவதிலிருந்து போகும், ஏனெனில் அது ஆற்றல் போகும் வழியைக் காட்டுகிறது, வேட்டை நடக்கும் திசையை அல்ல. இறுதி விடை நூறு விழுக்காட்டைத் தாண்டினால் பெரும்பாலும் இந்த அம்பைத் தலைகீழாகப் படித்து, பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்திருப்பார்கள்.

வலையின் வடிவத்தைப் படிப்பது பாதி வேலை. மற்றப் பாதி, அம்பின் மேலும் பெட்டிக்குள்ளும் எழுதப்பட்டுள்ள எண் ஆற்றலின் எந்தக் கட்டத்தைக் குறிக்கிறது என்று கண்டுகொள்வது. இலை தின்னும் ஒரு கம்பளிப்புழுவை அருகில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். அது தின்ற இலைத்துண்டில் 200 ஜூல் ஆற்றல் இருந்தது என்று கொள்வோம். அதில் 100 ஜூல் செரிக்காமல் எச்சமாக வெளியேறிவிடுகிறது; இலைக்கு அடியில் கறுப்பு மிளகுத்தூள் போலக் குவிந்து கிடக்குமே, அதுதான். குடலிலிருந்து உடலுக்குள் சென்ற மீதி 100 ஜூலைத் தன்மயமான ஆற்றல் என்கிறோம். அதில் 67 ஜூல் சுவாசத்தில் செலவாகி வெப்பமாகக் கலைந்துபோகிறது. எஞ்சிய 33 ஜூல்தான் புழுவின் உடலாக மாறி, அதைக் கொத்த வரும் குருவிக்குக் கிடைக்கக்கூடியதாக இருக்கிறது.

ஒரே புழுவுக்கு இப்போது மூன்று எண்கள் உள்ளன: 200, 100, 33. உற்பத்தித் திறன் என்ன என்று கேட்டால் தன்மயமானதில் எவ்வளவு உடலானது என்று பொருள்; விடை 33 விழுக்காடு. தின்றதில் எவ்வளவு அடுத்த மட்டத்துக்குக் கிடைக்கும் நிலையில் உள்ளது என்று கேட்டால் 33-ஐ 200-ஆல் வகுத்து 16.5 விழுக்காடு என்று எழுத வேண்டும். விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் அதிகம் பார்த்த பிழை வகுத்தலில் நேர்வதன்று. எச்சத்தைக் கழிக்க மறந்து சுவாசத்தை மட்டும் கழித்துவிடுவதும், எச்சத்தையும் சுவாசத்தையும் ஒன்றாகச் சேர்த்துச் சுவாச இழப்பு என்று எழுதிவிடுவதும்தான். எச்சத்தில் உள்ள ஆற்றல் அழிந்துவிடவில்லை. அது சிதைப்பவைகளுக்குப் போகிறது. சுவாசத்தில் போனதுதான் வெப்பமாகிச் சூழல் மண்டலத்துக்கு மீளாமல் வெளியேறியது. மேல்நிலை வகுப்புக் கேள்விகள் பல இந்த ஒரு வேறுபாட்டைச் சோதிப்பதற்காகவே அமைக்கப்படுகின்றன.

உடல் வெப்பத்தைத் தானே காக்கும் விலங்குகளில் இந்தப் பங்கீடு மிகவும் மாறிவிடுகிறது. பறவைகளும் பாலூட்டிகளும் தன்மயமாக்கிய ஆற்றலில் பெரும்பாலும் 1 முதல் 3 விழுக்காட்டை மட்டுமே உடலாக மாற்றுகின்றன. மீதியில் பெரும்பகுதி உடலைச் சூடாக வைத்திருப்பதற்கே எரிந்துபோகிறது. வயல் எலி, ஆந்தை என்று அமைந்த ஒரு கணக்கில் எலியிடமிருந்து ஆந்தைக்கு மிகச் சிறிய எண் வந்தால் அச்சுப்பிழை என்று திருத்தப் போக வேண்டாம். நான் மேலே குளத்தை எடுத்துக்கொண்டதற்கும் இதுவே காரணம்: நீர்த்தெள்ளும் தலைப்பிரட்டையும் மீனும் குளிர் இரத்த உயிரிகள் என்பதால் 7.5 முதல் 15 வரையான விகிதங்கள் அங்கே பொருந்தி நிற்கின்றன.

உண்மையான ஓர் இடத்தில் அளந்த எண்களை வைத்துப் பார்த்தால் கட்டங்களைக் கலப்பதன் விளைவு இன்னும் தெளிவாகும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்று இருக்கிறது. தெளிந்த நீர், ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாறாத வெப்பநிலை, அடித்தரையில் அடர்ந்த நீர்த்தாவரங்கள், அவற்றின் மேல் படர்ந்த பாசி என்று அளவிடுவதற்கே அமைந்தாற்போன்ற இடம் அது. சூழலியலாளர் ஹோவர்ட் ஓடம் அங்கே ஆற்றல் ஓட்டத்தை அளந்து 1957-இல் வெளியிட்ட படம்தான் இன்றும் உலகெங்கும் பாடநூல்களிலும் தேர்வுத்தாள்களிலும் வெவ்வேறு உருவில் வந்துகொண்டிருக்கிறது. அலகு, ஆண்டுக்குச் சதுர மீட்டருக்குக் கிலோ கலோரி. தாவரங்களின் மொத்த உற்பத்தி 20,810. அவற்றின் சொந்தச் சுவாசத்துக்கு 11,977 போக நிகர உற்பத்தி 8,833. தாவர உண்ணிகள் தன்மயமாக்கியது 3,368, அவற்றின் சுவாசம் 1,890, நிகரம் 1,478. ஊனுண்ணிகள் தன்மயமாக்கியது 383, சுவாசம் 316, நிகரம் 67. உச்ச ஊனுண்ணிகளை அடைந்தது 21.

இப்போது தாவரத்திலிருந்து தாவர உண்ணிக்குக் கடத்தப்பட்டது எத்தனை விழுக்காடு? மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிட்டால் 3,368-ஐ 20,810-ஆல் வகுக்க வேண்டும், 16.2 வருகிறது. நிகரத்தை நிகரத்தோடு ஒப்பிட்டால் 1,478-ஐ 8,833-ஆல் வகுக்க வேண்டும், 16.7 வருகிறது. இரண்டும் நெருங்கி இருப்பதால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும். அடுத்த படிக்குப் போனால் அந்த எண்ணம் உடைகிறது. மொத்தத்துக்கு மொத்தம் என்றால் 383-ஐ 3,368-ஆல் வகுத்து 11.4, நிகரத்துக்கு நிகரம் என்றால் 67-ஐ 1,478-ஆல் வகுத்து 4.5. ஊனுண்ணிகள் தாம் பெற்றதில் பெரும்பகுதியைச் சுவாசத்திலேயே செலவிட்டுவிடுவதால் இரண்டு விடைகளும் இவ்வளவு விலகிப்போகின்றன.

எது சரி? இரண்டும் சரியான விகிதங்களே, ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது. மேலெழுத வேண்டியது ஒரு மட்டத்தின் தன்மயமான ஆற்றல் என்றால் கீழே இருப்பதும் முந்தைய மட்டத்தின் மொத்த ஆற்றலாக இருக்க வேண்டும்; மேலே நிகர உற்பத்தி என்றால் கீழேயும் நிகர உற்பத்தி. அவசரத்தில் 3,368-ஐ 8,833-ஆல் வகுத்தால் 38.1 வரும். அந்த எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு: தாவரங்கள் மிச்சம் வைத்ததில் எவ்வளவு பங்கைத் தாவர உண்ணிகள் தமதாக்கிக்கொண்டன என்பது. ஆனால் மட்டங்களுக்கு இடையிலான ஆற்றல் கடத்தல் என்று கேட்ட கேள்விக்கு அது விடை ஆகாது. படத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே எண் தரப்பட்டிருந்தால் இந்தக் குழப்பம் எழாது. சுவாசம் தனியே தரப்பட்டிருந்தால் கேள்வியில் மொத்தம், நிகரம், உற்பத்தி, தன்மயமாதல் ஆகிய சொற்களில் எது வந்துள்ளது என்பதைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு அதற்குரிய எண்ணை மட்டும் எடுக்க வேண்டும்.

சூரிய ஒளி சேர்ந்துகொண்டால் வகுக்கும் எண்ணைப் பற்றிய ஐயம் இன்னொரு முறை தலைதூக்கும். ஓடமின் படத்தில் ஊற்றின் மேல் விழுந்த ஒளி 17,00,000. தாவரங்கள் உறிஞ்சியது 4,10,000. மொத்த உற்பத்தியை விழுந்த ஒளியால் வகுத்தால் 1.2 விழுக்காடு, உறிஞ்சிய ஒளியால் வகுத்தால் 5.1 விழுக்காடு. விழுந்த ஒளியில் எவ்வளவு என்று கேட்பதும் உறிஞ்சிய ஒளியில் எவ்வளவு என்று கேட்பதும் ஒரே சொல்லில் வேறுபடுகின்றன, விடையோ நான்கு மடங்குக்கு மேல் மாறுகிறது.

ஓடமின் இந்த விகிதங்கள் எவற்றிலும் பத்து என்று ஒன்று இல்லாததைக் கவனித்திருக்கலாம். பத்து விழுக்காடு விதி என்று நம் பாடநூல்கள் எழுதுவதை அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்ட்மனின் பெயரோடு சேர்த்தே படிக்கிறோம். மினசோட்டாவில் சீடர் பாக் ஏரி என்ற சிறு ஏரியை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1942-இல் வெளிவந்தது. முப்பது வயதைக்கூட எட்டாத அவர் அது அச்சில் வருவதற்கு முன்பே இறந்துபோனார். அந்த ஏரிக்கு அவர் கணக்கிட்ட விகிதங்கள் தாவர உண்ணிகளுக்கு 13.3 விழுக்காடு, ஊனுண்ணிகளுக்கு 22.3 விழுக்காடு. மட்டம் உயர உயர விகிதமும் உயரலாம் என்று அந்த எண்களிலிருந்து எண்ணத் தோன்றும். ஓடமின் ஊற்றில் மொத்தத்துக்கு மொத்தம் பார்த்தால் 16.2, 11.4, 5.5 என்று படிப்படியாக இறங்குகிறது. பத்து என்பது இப்படி ஏறியும் இறங்கியும் கிடக்கும் அளவுகளுக்கு நடுவில் கணக்குக்கு எளிதாக எடுத்துக்கொண்ட ஒரு தோராயம். ஒரு இடத்தில் அளந்து தரப்பட்ட எண்களின் மேல் அதைத் திணிப்பதற்கு எந்த உரிமையும் இல்லை.

ஆகவே பத்து விழுக்காட்டைப் பயன்படுத்த வேண்டிய இடம் ஒன்றே: கேள்வியில் தொடக்க எண் மட்டும் தரப்பட்டு, இடைப்பட்ட எண்கள் தரப்படாத இடம். நீட் போன்ற தேர்வுகளில் வரும் ஒற்றைவரிக் கணக்குகள் பெரும்பாலும் இந்த வகை. அங்கேயும் தொடக்க எண் எதனுடையது என்று பார்த்தாக வேண்டும். தாவரங்களில் 10,000 ஜூல் என்றால் வெட்டுக்கிளிக்கு 1,000, தவளைக்கு 100, பாம்புக்கு 10. சூரிய ஒளி 10,00,000 ஜூல் என்றால் தாவரங்களுக்குச் செல்வதை 10 விழுக்காடு என்று எடுக்கக் கூடாது; ஒளி தாவரத்துக்குள் நுழைவது ஊட்ட மட்டங்களுக்கு இடையே நடக்கும் கடத்தல் அன்று. பாடநூல் பிரமிடில் அந்தப் படிக்கு 1 விழுக்காடு எடுக்கப்பட்டு 10,000 ஜூல் என்று எழுதப்பட்டிருக்கும், பத்து விழுக்காடு அதற்குப் பிறகே தொடங்கும். இந்த ஒரு படியில் தவறியவரின் இறுதி விடை சரியாகப் பத்து மடங்கு பெரிதாக இருக்கும். தேர்வு அமைப்பவர்கள் அந்தப் பத்து மடங்கு விடையைத் தெரிவுகளில் ஒன்றாக வைக்கத் தவறுவதில்லை.

விடுபட்ட எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளுக்கு வேறு பிடி வேண்டும். அங்கே விகிதம் எதுவும் தேவையில்லை. ஒரு பெட்டிக்குள் வந்ததும் அதிலிருந்து போனதும் சமம் என்ற ஒரே கணக்கு போதும். நம் குளத்தில் நீர்த்தெள்ளுகளுக்கு 1,200 வந்தது, கெண்டைக்குஞ்சுகளுக்கு 180 போனது, எச்சமாகவும் இறந்த உடல்களாகவும் சிதைப்பவைகளுக்கு 400 போனது, சுவாசம் எவ்வளவு? 1,200-இலிருந்து இரண்டையும் கழித்தால் 620. இதில் மாணவர்கள் இடறும் இடம் சிதைப்பவைகளுக்குப் போகும் அம்பு. அதையும் அடுத்த ஊட்ட மட்டத்துக்குப் போன ஆற்றலாகச் சேர்த்து 580-ஐ 1,200-ஆல் வகுத்து 48 விழுக்காடு என்று எழுதிவிடுகிறார்கள். சிதைப்பவைகள் எல்லா மட்டங்களிலிருந்தும் பெறுகின்றன. அவற்றை ஏணியின் எந்தப் படியிலும் நிறுத்த முடியாது என்பதால் இந்தக் கணக்கில் அவற்றின் பங்கு தனியே நிற்கும். சில்வர் ஸ்பிரிங்ஸில் சிதைப்பவைகளை அடைந்தது 5,060. தாவர உண்ணிகள் தன்மயமாக்கிய 3,368-ஐ விட அது அதிகம். மேய்ச்சல் வழியை மட்டும் பார்த்து வலையைப் படிப்பவர் உண்மையில் அந்த ஊற்றின் சிறிய பாதியைத்தான் பார்க்கிறார்.

கடைசியாக, படத்தின் ஓரத்தில் பக்கவாட்டிலிருந்து உள்ளே வரும் அம்பு. ஓடமின் படத்தில் 486 என்ற எண்ணோடு அப்படி ஒன்று இருக்கிறது. சில்வர் ஸ்பிரிங்ஸ் சுற்றுலாத் தலம்; கண்ணாடி அடித்தளம் கொண்ட படகுகளில் வந்தவர்கள் மீன்களுக்கு வீசிய ரொட்டிதான் அந்த 486-இல் பெரும்பகுதி. அந்த ரொட்டிக்கான ஒளியை எங்கோ ஒரு கோதுமை வயல் பிடித்தது, ஊற்றின் பாசி அன்று. இப்படி வெளியிலிருந்து வரும் எண்ணை உற்பத்தியாளர்களிடமிருந்து நுகர்வோருக்குப் போன ஆற்றலோடு கூட்டினால், அந்த ஊற்றின் தாவரங்கள் செய்யாத வேலைக்கும் அவற்றின் பெயரில் மதிப்பெண் எழுதியதாகிவிடும்.